மார்கழியில் தின்ற தை மாதம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், மார்கழி கடைசி வாரம். கும்பகோணம் பக்கம் ஒரு சிறு ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். கல்யாண வீட்டுப் போட்டோவும் வீடியோவும்தான் அவருடைய பிழைப்பு. தை மாதத்துக்கு ஆறு கல்யாணம் பேசி முடித்திருந்தார், இன்னும் இரண்டு வரும் என்றார். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் முகம் மலர்ந்திருக்கும். இவர் முகத்தில் அந்த மலர்ச்சி இல்லை.

"ஆறு பேர்கிட்டயும் ஆளுக்குப் பதினஞ்சாயிரம் அட்வான்ஸ் வாங்கியாச்சு தம்பி. மொத்தம் தொண்ணூறாயிரம். இப்ப அக்கவுண்ட்ல பதினோராயிரம் கெடக்கு."

மீதி 79,000 எங்கே போனது என்று நோட்டைப் புரட்டினோம். கடை வாடகை, பையனுக்கு ஸ்கூல் பீஸ், கேமரா தவணை, கார்த்திகையில் வேலை பார்த்த வீடியோக்காரருக்குக் கூலி பாக்கி, இரண்டு மாத மளிகை. வீண்செலவு என்று கை வைத்துக் காட்ட ஒன்றுமில்லை. வாசலில் கடன்காரர் யாரும் நிற்கவுமில்லை. ஆனால் அன்றைக்கு அவர் 79,000 ரூபாய்க் கடனாளி. அதைப் பணமாகத் திருப்ப வேண்டியதில்லை, உழைப்பாகத் திருப்ப வேண்டும் என்பதால்தான் அது கடன் போலத் தெரியவில்லை.

முகூர்த்தத்தை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். நாதஸ்வரக்காரர், சமையல் மாஸ்டர், பந்தல்காரர், பூ அலங்காரம் செய்பவர் எல்லோருக்கும் பஞ்சாங்கம்தான் முதலாளி. வைகாசி, ஆவணி, தை மூன்றிலும் தூக்கம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான வீடுகளில் கல்யாணமே கிடையாது, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. இந்த ஏற்ற இறக்கம் எதிர்பாராமல் வருவதில்லை. அடுத்த வருஷம் ஆடி எப்போது பிறக்கும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். தேதி போட்டு வருகிற பஞ்சத்தில் வருஷா வருஷம் மாட்டிக்கொள்வது ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் அண்ணனின் கணக்கு தொடங்கியது.

காரணம் அந்த 79,000தான். தை மாதம் அவர் எட்டுக் கல்யாணம் எடுத்தார். உதவியாள் கூலி, ஆல்பம் அச்சு, வண்டிச் செலவு எல்லாம் போக அந்த மாதத்தில் அவருக்கு நிற்க வேண்டியது ஒரு லட்சம். அதில் 79,000 மார்கழிக்கு முன்பே செலவாகிவிட்டது. ஆக, வருஷத்திலேயே அதிகம் உழைத்த மாதத்தில் அவர் வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்தது 21,000. மாசியில் நடக்கப்போகும் கல்யாணங்களின் அட்வான்ஸைத் தொட்டுத்தான் தை மாத வீட்டுச் செலவை முடிக்க முடியும். மாசிக்குப் பங்குனி, பங்குனிக்குச் சித்திரை என்று ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்தைத் தின்றுகொண்டே போகும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இவர் எப்போதும் பிசி. இவருக்கோ கையில் எப்போதும் காசில்லை.

இதைவிடக் கெடுதலான ஒன்று இருக்கிறது. மார்கழியில் கை வறண்டிருக்கும்போது ஒருவர் போன் செய்து, "வைகாசியில தங்கச்சி கல்யாணம், முப்பத்தஞ்செல்லாம் முடியாது, இருபத்தாறுக்கு முடிச்சுக் கொடுங்கண்ணே, அட்வான்ஸ் இப்பவே போடுறேன்" என்பார். அட்வான்ஸ் என்ற சொல்லில் அண்ணன் விழுந்துவிடுவார். வைகாசியில் நல்ல முகூர்த்தங்கள் கொஞ்சம்தான். முழு விலைக்குப் போயிருக்க வேண்டிய தேதியை மார்கழியின் பயத்தில் அடிமாட்டு விலைக்கு விற்றாயிற்று. அந்தக் குறையை ஈடுகட்ட வைகாசியில் இன்னும் இரண்டு கல்யாணம் சேர்த்து எடுப்பார். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மண்டபம் ஒப்புக்கொண்டு, ஒன்றுக்கு வேறு ஆளை அனுப்புவார். உடம்பு நொறுங்குவது வைகாசியில் என்றாலும் நொறுக்கிய காரியம் மார்கழியிலேயே நடந்துவிட்டது. பணத்தட்டுப்பாட்டையும் உடல் சோர்வையும் தனித்தனி நோயாகப் பார்த்து வைத்தியம் செய்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் தவற விடுகிறார்கள்.

அந்தச் சோர்வு எப்படி இருக்கும் என்று அண்ணன் சொன்ன விதம் எனக்கு மறக்காது. முன்னெல்லாம் ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுப்பார். முகூர்த்தங்கள் நெருக்கி வந்த ஒரு ஆவணியின் கடைசிக் கல்யாணத்தில் கார்டைப் போட்டுப் பார்த்தால் ஆயிரத்து நூறு படம்தான் இருந்தது. எல்லாம் மணவறைக்கு நேர் எதிரே ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அப்பா எங்கே நின்றார் என்பதற்கு ஒரு படம்கூட இல்லை. "அவர் அழுதாராம், அவங்க வீட்ல சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் பத்தடி தூரத்துல நின்னுட்டு இருந்தேன் தம்பி."

ஆங்கிலத்தில் பர்ன் அவுட் என்று சொல்வதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்று வரையறுத்தது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது. சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, வேலைத்திறன் குறைந்துவிட்டது என்ற உணர்வு. அண்ணனின் கார்டில் மூன்றும் பதிவாகியிருந்தன. தூங்கி எழுந்தால் சரியாகிற களைப்புக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. களைத்தவர் படத்தைக் கோணலாக எடுப்பார். தீய்ந்துபோனவருக்கு எடுக்கவே தோன்றாது.

இனி பணத்தின் பக்கம்.

கையிருப்பாக ஒரு நிதி வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதச் செலவு அல்லது ஆறு மாதச் செலவு என்று புத்தகங்கள் சொல்லும். அது மாதச் சம்பளக்காரருக்கு, வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்துச் சொன்ன அளவு. முகூர்த்தக்காரருக்கு வேலை போவதில்லை, வந்து வந்து போகிறது. அவருக்கான அளவை அவருடைய நோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதற்குத் தஞ்சாவூர்க்காரருக்குப் புரிகிற உவமை ஏரிதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைப் பிடித்துவைத்து, மதகு வழியாகப் பயிருக்கு அளந்து விடுகிறோம். ஏரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மொத்த மழை அல்ல. வரத்துக்கும் மதகில் போகிற நீருக்கும் உள்ள வித்தியாசத்தை மாதா மாதம் கூட்டிக்கொண்டே போனால் எந்த இடத்தில் பள்ளம் அதிக ஆழமாகிறதோ, அந்த ஆழம்தான் ஏரியின் அளவு. அணைகளுக்கு இந்தக் கணக்கை 1883இல் ரிப்பிள் என்ற பொறியாளர் வரைபடமாகப் போட்டுக் காட்டினார். அண்ணனுக்கு நாங்கள் போட்டதும் அதே கணக்குதான், நாற்பது பக்க நோட்டில்.

செலவெல்லாம் போகக் கையில் நின்றதை மட்டும் மாதவாரியாக எழுதினோம். ஆங்கில மாதம் உதவாது, தமிழ் மாதம்தான் சரி. ஜூலையில் பாதி ஆனி, பாதி ஆடி. இரண்டையும் கூட்டினால் ஏதோ சுமாரான மாதம் போலத் தோன்றி உண்மை மறைந்துவிடும். சித்திரை 40,000, வைகாசி 95,000, ஆனி 60,000. ஆடியில் 8,000, அதுவும் ஒரு காதுகுத்து புண்ணியத்தில். ஆவணி 90,000, புரட்டாசி 12,000. ஐப்பசி 50,000, கார்த்திகை 55,000. மார்கழி 10,000. தை ஒரு லட்சம், மாசி 70,000, பங்குனி 34,000. வருஷத்துக்கு 6,24,000. வாரக் கணக்குக்கு வகுத்தால் சரியாக 12,000.

இங்கே அண்ணன் நெடுநேரம் பேசாமல் இருந்தார். வாரம் பன்னிரண்டாயிரம் சம்பாதிக்கிறவர் ஏன் மளிகைக்கடை பாக்கிக்கு ஒளிந்து போகிறார் என்று அவருக்கே விளங்கவில்லை.

அந்த 12,000ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கேமராவின் ஷட்டர் சாசுவதமல்ல. நடுத்தரக் கேமராக்களில் சுமார் ஒன்றரை லட்சம் தடவை அடிக்கும் என்றுதான் கணக்கு. வருஷத்துக்கு நாற்பது கல்யாணம், கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் என்றால் ஒரே வருஷத்தில் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். லென்ஸ், பேட்டரி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதே கதி. ஆகவே வாரச் சம்பளம் 10,000 என்று முடிவு செய்தோம். வருஷத்துக்கு 5,20,000 போகும். மீதி 1,04,000 கருவிகளுக்கும் ஏரிக்கும். வீட்டுச் செலவு, கடை வாடகை, தவணை எல்லாம் அந்தப் பத்தாயிரத்துக்குள். மாதச் சம்பளம் என்று வைக்காமல் வாரச் சம்பளமாக வைத்தது அண்ணியின் யோசனை. மாத ஆரம்பத்தில் நாற்பதாயிரம் கைக்கு வந்தால் இருபதாம் தேதிக்குமேல் திண்டாட்டம், வாரா வாரம் வந்தால் தப்பு செய்தாலும் திங்கட்கிழமை தெரிந்துவிடும் என்றார்.

இப்போது பள்ளத்தைத் தேடலாம். வாரம் 10,000 என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 43,000 மதகில் போகிறது. ஆடியில் 35,000 குறைகிறது. ஆனால் அடுத்தே ஆவணி வந்து 47,000 கூடுதலாகக் கொட்டி அதை நிரப்பிவிடுகிறது. உண்மையான பள்ளம் புரட்டாசியில் தொடங்குகிறது. அங்கே 31,000 குறைவு. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து 19,000தான் மேலே தள்ளுகின்றன. மார்கழியில் மறுபடி 33,000 குறைவு. ஆக, மார்கழிக் கடைசியில் பள்ளத்தின் ஆழம் 45,000. எல்லோரும் ஆடியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ஆளை விழுங்குவது புரட்டாசிக்கும் மார்கழிக்கும் நடுவே இருக்கிற நாலு மாதம். இது நோட்டில் எழுதிப் பார்க்காமல் தெரிகிற விஷயமே அல்ல. முப்பது வருஷம் தொழிலில் இருக்கிற பெரியவர் ஒருவரிடம் கேட்டபோது அவரும் ஆடி என்றுதான் சொன்னார்.

45,000 என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால். ஐப்பசி, கார்த்திகையில் கல்யாணங்கள் பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும் என்று திரும்பப் போட்டோம். பள்ளம் 97,000க்கும் மேலே போனது. அதோடு ஒரு மாதச் சம்பளத்தையும், பாக்கி தாமதமாக வருவதையும் சேர்த்து ஒன்றரை லட்சம் என்று ஏரிக்கு மட்டம் குறித்தோம்.

மட்டம் குறிப்பது சுலபம். கையில் 11,000ஐ வைத்துக்கொண்டு, 79,000 அட்வான்ஸைத் தின்றுவிட்டு நிற்கிறவர் அதை எப்படி நிரப்புவது? இனிமேல் அட்வான்ஸைத் தொடவே மாட்டேன் என்று சபதம் எடுத்தால் முதல் மாதமே உடைந்துவிடும். தை மாதத்தில் 21,000தான் இருக்கிறது என்று பார்த்தோம் அல்லவா. அதனால் வாரச் சம்பளத்தை 8,500 ஆக இறக்கினார்கள், மாதம் சுமார் 37,000. தை முடிவில் 16,000 பற்றாக்குறை. அதை மாசி அட்வான்ஸிலிருந்து எடுத்து, நோட்டில் சிவப்பு மையில் கடன் என்றே எழுதினார்கள். மாசியில் அந்தக் கடன் அடைந்து 17,000 மிஞ்சியது. பங்குனியும் சித்திரையும் கூட்டிக் கழித்து அதே 17,000. அந்த இரண்டு மாதம்தான் ரொம்பச் சோதனை, ஒன்றுமே நடக்காதது போல இருந்தது என்றார் அண்ணி. வைகாசியில் 58,000, ஆனியில் 23,000 சேர்ந்தது. ஆனிக் கடைசியில் 98,000. அட்வான்ஸ் பணம் ஒரு ரூபாய் தொடாமல் தனியே இருந்தது. ஆறு மாதம்.

ஆடியில் முதல் தடவையாக ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள், 29,000. அண்ணனுக்கு அதில் குற்ற உணர்ச்சி. சேர்த்ததை அழிக்கிறோமே என்று இரண்டு நாள் புலம்பினாராம். ஏரியை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவா வெட்டினோம்?

இதில் கணக்கு வைக்கிற முறை முக்கியம். அண்ணன் மூன்று கணக்கு வைத்திருக்கிறார். கடை வாசலில் ஒட்டியிருக்கிற கியூஆர் கோடு முதல் கணக்கோடு சேர்ந்தது, வருகிற பணமெல்லாம் அதில்தான் விழும். கல்யாணம் நடந்து முடிகிறவரை அந்தக் கல்யாணத்தின் அட்வான்ஸ் அங்கேயே இருக்கும், அதைத் தன் பணம் என்று எண்ணுவதில்லை. கல்யாணம் முடிந்து, ஆட்களுக்குக் கூலி கொடுத்து, ஆல்பம் அச்சுக்கு ஒதுக்கியபின் மிஞ்சுவது இரண்டாவது கணக்குக்குப் போகும், அதுதான் ஏரி. அது வேறு வங்கியில் இருக்கிறது, போனில் இருக்கிற ஜிபேயோடு சேர்க்கவில்லை. மூன்றாவது வீட்டுக் கணக்கு. ஒவ்வொரு திங்களும் ஏரியிலிருந்து 10,000 அங்கே போகும். கல்யாணம் இருந்தாலும் 10,000, இல்லாவிட்டாலும் 10,000. ஏரி ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் கலிங்கல் வழியாக வழிவது போல மிச்சம் கருவிகளுக்கான வைப்புக்குப் போகும். ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கினால் வாரச் சம்பளம் எட்டாயிரமாகக் குறையும். நெருக்கடியில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம் என்பதற்காக இந்த இரண்டு மட்டத்தையும் முன்பே எழுதி, கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கையெழுத்து எதற்கு என்று கேட்டேன். "இவர் லென்ஸ் கடைக்குப் போறப்ப காட்டறதுக்கு" என்றார் அண்ணி.

ஏலச்சீட்டு போடலாமே என்று பலர் கேட்பார்கள். சீட்டு மாதா மாதம் தவறாமல் கட்டக் கூடியவருக்குச் சரி. ஆடியிலும் கட்டணும், மார்கழியிலும் கட்டணும் என்றால், பஞ்சத்துக்குச் சேர்க்கிற பணமே பஞ்சத்தில் கழுத்தைப் பிடிக்கும். அவசரத்துக்கு எடுக்க வேண்டுமானால் தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு நஷ்டப்பட வேண்டும். நகை அடகும் ஒருவகை ஏரிதான், நம் வீடுகளில் காலங்காலமாக இருப்பது. ஆடியில் வைத்து ஆவணியில் மீட்பார்கள். ஆனால் அது அடுத்தவர் ஏரி, தண்ணீருக்கு வட்டி உண்டு. புரட்டாசியில் வைத்தால் தை வரை மீட்க முடியாது என்பதையும் மேலே பார்த்த பள்ளம் சொல்லிவிடுகிறது.

பாக்கி வசூலைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு அண்ணன் வைத்திருந்த முறை, புக்கிங்குக்கு 15,000, கல்யாணத்தன்று 10,000, ஆல்பம் கொடுக்கும்போது 10,000. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துத் தர வேண்டியது மணமக்கள். அவர்களோ மறுவீடு, விருந்து, வேலை பார்க்கிற ஊர் என்று போய்விடுவார்கள். ஒரு தம்பதி வளைகாப்புக்குப் புக் பண்ண வந்த அன்றைக்குத்தான் கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்தார்கள். பத்தாயிரம் பாக்கி அதுவரை தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது 15,000, முதல் நாள் மாலை வரவேற்பு தொடங்குமுன் 15,000, ஆல்பத்தோடு 5,000. முப்பது நாளில் படம் தேர்ந்தெடுத்துத் தராவிட்டால் ஸ்டூடியோவே தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்பிவிடும் என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறார். இதற்காக யாரும் வேறு ஸ்டூடியோவுக்குப் போனதில்லை என்கிறார்.

பணத்தைச் சமமாக்கிவிட்டால் உழைப்பு தானாகச் சமமாகிவிடாது. அதற்கும் தனியே ஓர் ஏரி வேண்டும். ஒரு கல்யாணம் என்றால் முதல் நாள் மாலை நாலு மணிக்குப் போய், ராத்திரி பதினொன்றுக்குத் திரும்பி, விடியற்காலை நாலுக்கு மறுபடி மண்டபத்தில் நிற்க வேண்டும். இரண்டு நாள். அப்புறம் மூவாயிரம் படத்திலிருந்து ஐந்நூறைப் பிரித்து, நிறம் திருத்தி, ஆல்பம் வடிவமைத்து, வீடியோ வெட்டி ஒட்ட அண்ணனுக்கு 22 மணி நேரம் ஆகிறது. கைக்கடிகாரம் வைத்து நாலு கல்யாணத்துக்கு அளந்து எடுத்த சராசரி இது. தையில் எட்டுக் கல்யாணம் என்றால் பதினாறு நாள் மண்டபத்தில் போகும். மிச்சம் பதினான்கு நாளில் நாலு நாள் ஓய்வைக் கழித்தால் பத்து நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் எழுபது மணி நேரம். மூன்று கல்யாணத்து ஆல்பம்தான் முடியும். ஐந்து அடுத்த மாதங்களுக்குப் போகும். இத்தனை வருஷமும் அண்ணன் எல்லோரிடமும் பதினைந்து நாளில் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்! ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்ததும், வண்டியில் கண் அசந்து ஒருமுறை வயலில் இறங்கியதும் அந்தப் பதினைந்து நாள் வாக்கினால் வந்தவை. இப்போது எழுபத்தைந்து நாள் என்கிறார். தை வேலை பங்குனியில் முடிகிறது, ஆவணி வேலை ஐப்பசி வரை நீள்கிறது. கல்யாணமில்லாத மாதத்துக்கு வேலை கையில் இருக்கிறது. அவசரமாக ஊர்க்காரர்களிடம் காட்ட ஐம்பது படம் மட்டும் மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். ஜனங்களுக்கு அது போதுமாக இருக்கிறது.

வார அட்டவணை என்று பார்த்தால், முகூர்த்தம் கிழமை பார்த்துத்தான் வருகிறது. புதன், வியாழன், வெள்ளி, ஞாயிறு, சில திங்கள். செவ்வாய்க்கிழமை கல்யாணம் வைக்கிறவர்கள் அநேகமாக இல்லை. சனிக்கிழமையும் குறைவு. ஆகவே செவ்வாய் முழு ஓய்வு, கடைப் பூட்டு, போன் அண்ணியிடம். நம் ஊரில் முடிதிருத்தும் கடைகளுக்கும் அன்றைக்குத்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று உத்தியோகஸ்தர்களைப் பார்த்து வைத்திருந்தால் இந்தத் தொழிலில் அது ஒரு மாதம்கூட நிலைத்திருக்காது. சனிக்கிழமை முழுவதும் கம்ப்யூட்டர் வேலை. திங்கள் காலை பத்திலிருந்து பதினொன்று வரை பணக் கணக்கு. சம்பளம் மாற்றுவது, பாக்கிக்குப் போன் செய்வது, நோட்டு எழுதுவது. அன்றைக்குக் கல்யாணம் இருந்தால் புதனுக்குத் தள்ளும். கல்யாணம் முடிந்த மதியம் கார்டுகளை இரண்டு டிஸ்க்கில் ஏற்றுவது மட்டும்தான் வேலை, அப்புறம் தூக்கம்.

கடைச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. முடியாத ஆல்பங்களின் எண்ணிக்கை மட்டும் அதில் இருக்கும். அது எட்டைத் தொட்டால், இருப்பவற்றில் ஒன்று முடிகிறவரை வரும் ஒன்றரை மாதத்துக்குள் எந்தத் தேதியும் ஒப்புக்கொள்வதில்லை. முன்பு அந்த இடத்தில் உடம்பு எச்சரிக்கை செய்யும், அதை இவர் கேட்க மாட்டார்.

இந்த அட்டவணை ரொம்பவும் உடைவது வேலை அதிகமுள்ள தையில் அல்ல, ஒன்றுமில்லாத ஆடியில். காலை பதினோரு மணிக்கு எழுந்து, பதட்டத்தில் போனைத் தடவிக்கொண்டு, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பதும் உடம்பைத் தின்னும். அதனால் ஆடியிலும் கடை பத்து மணிக்குத் திறக்கிறது, ஆறுக்கு மூடுகிறது. ஆனியில் தேங்கிய ஆல்பம், லென்ஸில் பூஞ்சை பார்ப்பது, ஆவணிக்காரர்களிடம் நேரம் உறுதி செய்வது, போன வருஷம் எடுத்த குடும்பங்களுக்குக் காதுகுத்து, வளைகாப்பு உண்டா என்று விசாரிப்பது. மார்கழியில் இன்னொரு வழியும் கண்டுபிடித்திருக்கிறார். திருவருகைக் காலத்தில் திருமணங்களைத் தவிர்க்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வைப்பதுண்டு. அது நமக்கு நட்ட நடு மார்கழி. இரண்டு பங்கில் இவர் பெயர் தெரியும் இப்போது.

இந்த ஏரி எதற்கு உதவாது என்பதையும் அண்ணனே சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இது இல்லை, அதற்குக் காப்பீடு தனி. விலையே மலிவாக இருந்து, வருஷ மொத்தமே செலவைவிடக் குறைவாக இருந்தால் எந்த ஏரியும் ஒரு நாள் வற்றிவிடும். அப்போது செய்ய வேண்டியது விலையை ஏற்றுவது. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. பங்குனி பாதியில் தொடங்கி ஆனி வரை எல்லாம் போயிற்று. அன்றைக்கு அவரிடம் சேமிப்பு எதுவும் இல்லை, டிரைபாட் உட்பட விற்றார். இப்போதிருக்கிற ஒன்றரை லட்சம் அன்றைக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். வாரம் 10,000 என்றால் பதினைந்து வாரம், ஜூலை முதல் வாரம் வரை தாங்கியிருக்கும். அதற்கப்புறம் தாங்காது. "தாங்காதுதான். ஆனா டிரைபாட வித்திருக்க மாட்டேன்" என்றார்.

போன மார்கழியில் மறுபடி போயிருந்தேன். திங்கட்கிழமை. பத்தாயிரம் வீட்டுக் கணக்குக்குப் போனபின் ஏரியில் 81,000 என்று நோட்டில் எழுதினார். முந்தின வாரத்தைவிட 8,000 குறைவு. பலகையில் மூன்று. அப்போது ஒரு போன் வந்தது. வைகாசியில் கல்யாணம், யாரோ தெரிந்தவர் மூலம் நம்பர் வாங்கியிருக்கிறார்.

"முப்பத்தெட்டுங்க... இல்லைங்க, அதுக்குக் கட்டுப்படியாகாது. வேற இடத்துல விசாரிச்சுட்டே சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல. அந்தத் தேதி இன்னும் காலியாத்தான் இருக்கு."

போனை வைத்துவிட்டு, பாதியில் நிறுத்தியிருந்த கார்த்திகைக் கல்யாணத்தைத் திறந்தார். திரையில் பெண்ணின் அப்பா, கூட்டத்துக்குப் பின்னால், தூணோரமாகத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அந்தப் படத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.